உயரத்தில் மாட்டிய டிவியில் நிறம் வெளிறுகிறதா? பார்வைக் கோணம், சாய்வு, இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை மேல் இருந்தவரை படம் நன்றாக இருந்தது. சுவரில் மாட்டியதும் வெளிறிப்போய்த் தெரிகிறது. பேனல் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. கோணம்தான் காரணமா என்பதை ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். ஒரு முகம் திரை முழுக்க நிற்கும் காட்சியில் வீடியோவை நிறுத்துங்கள். வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து, கன்னத்தின் நிழல் பக்கத்தையும் கருமுடியையும் கவனியுங்கள். பிறகு அதே இடத்தில், கண் திரையின் நடு உயரத்துக்கு வரும்படி எழுந்தோ உறுதியான ஸ்டூலில் ஏறியோ பாருங்கள். நிழல் அடர்ந்து, முடி கறுப்பாகி, முகத்துக்கு ரத்த ஓட்டம் வந்ததுபோல் ஆனால் கோளாறு கோணத்தில் இருக்கிறது. இரண்டு உயரத்திலும் ஒரே மாதிரி வெளிறியே இருந்தால் பிக்சர் மோடையோ சிக்னலையோ பார்க்க வேண்டும். பிராக்கெட்டைத் தொட்டுப் பயனில்லை.

இந்தச் சோதனைக்கு மெனு, செய்தி எழுத்து, கார்ட்டூன் ஆகியவற்றைப் பயன்படுத்தாதீர்கள். அவை ஏன் ஏமாற்றும் என்பது அடுத்த பதிலில் வருகிறது. கைபேசியில் படம் எடுத்து ஒப்பிடுவதானால் எக்ஸ்போஷரை லாக் செய்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்து, இருக்கும் வித்தியாசத்தை மறைத்துவிடும்.

வெள்ளை எழுத்து பளிச்சென்று இருக்கிறது, முகம் மட்டும் வெளிறுகிறது. அது எப்படி?

எல்சிடி டிவியில் பின்னால் எரியும் வெளிச்சத்தைத் திரவப் படிக மூலக்கூறுகள்தான் விடுவதும் தடுப்பதுமாக இருக்கின்றன. இன்று பரவலாக உள்ள விஏ பேனலில், கறுப்பு காட்டும்போது இந்த மூலக்கூறுகள் திரைக்குச் செங்குத்தாக நிற்கும். வெள்ளை காட்டும்போது நன்றாகப் படுத்துவிடும். இடைப்பட்ட சாம்பலுக்குப் பாதி சாய்ந்து நிற்கும். எவ்வளவு ஒளி வெளியே வருகிறது என்பது, ஒளி அந்த மூலக்கூறை எந்தத் திசையில் கடக்கிறது என்பதைப் பொறுத்தது. பாதி சாய்ந்து நிற்கும் மூலக்கூறை நேராகப் பார்ப்பதற்கும் ஓரமாகப் பார்ப்பதற்கும்தான் வித்தியாசம் மிக அதிகம்.

அதனால் ஓரத்திலிருந்து பார்க்கும்போது முழு வெள்ளை அவ்வளவாக மாறாது. நடுச் சாம்பல்களோ தேவைக்கு மேல் வெளிச்சமாகிவிடும். மனிதத் தோல், மரம், மாலை வானம் எல்லாம் இந்த நடு அளவுகளில்தான் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் எது குறைவாக இருக்கிறதோ அது கூடுதலாக ஏறுவதால் நிறத்தின் அடர்த்தியும் போகும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பிக்சலையும் வெவ்வேறு பக்கம் சாயும் பகுதிகளாகப் பிரித்து இதை ஓரளவு சமன்செய்கிறார்கள். இருந்தாலும் சாதாரண விஏ பேனலில் 20 டிகிரி வாக்கிலேயே கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரிய ஆரம்பிக்கும்.

பெட்டியில் 178 டிகிரி என்று போட்டிருக்கிறதே?

அந்த எண், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 10:1 என்ற அளவுக்கு விழும் கோணத்தைச் சொல்வது. நேராகப் பார்க்கும்போது ஒரு விஏ பேனல் 3000:1க்கு மேல் தரும். 10:1 என்பது படம் இருக்கிறது என்று தெரிகிற அளவு, அவ்வளவுதான். நிறம் மாறியதா என்று அந்த அளவீடு கேட்பதே இல்லை. மோசமான பேனலிலும் நல்ல பேனலிலும் அதே 178தான் அச்சாகியிருக்கும் என்பதால், வாங்கும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

என் டிவி எந்த வகைப் பேனல் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, முழுக் கறுப்பான படத்தைத் திரையில் வையுங்கள். நேர் எதிரே கறுப்பு ஆழமாக இருந்து, பக்கவாட்டில் நகர நகரச் சாம்பலாக எழும்பினால் விஏ. நேர் எதிரேயே கறுப்பு சாம்பல் பூத்திருந்து, பக்கவாட்டில் போனாலும் நிறங்கள் பெரிதாக மாறாவிட்டால் ஐபிஎஸ். அதன் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1தான். ஆனால் நிறத்தை 40 டிகிரி வரை பரவாயில்லாமல் தாங்கும். எந்தப் பக்கம் போனாலும் கறுப்பு கறுப்பாகவே இருந்தால் ஓஎல்இடி. அதில் மிக ஓரமாகப் போகும்போது வெள்ளையில் லேசான சாயல் ஏறலாம், அவ்வளவே.

சில பழைய சிறிய டிவிகளில் டிஎன் பேனல் இருக்கும். கீழிருந்து பார்த்தால் படம் இருண்டு, நிழல் பகுதிகள் போட்டோ நெகட்டிவ் போலத் தலைகீழாகிவிடும். மேலிருந்து பார்த்தால் வெளிறும். இப்படி மேலும் கீழும் வேறு வேறாக நடந்துகொள்வதே அதன் அடையாளம். இந்த வகையை உயரத்தில் மாட்டினால் சாய்வு இல்லாமல் பார்க்கவே முடியாது.

எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று கணக்கிடுவது எப்படி?

மூன்று அளவுகள் போதும். தரையிலிருந்து திரையின் நடு உயரம், உட்கார்ந்திருப்பவரின் கண் உயரம், சுவரிலிருந்து கண் வரை உள்ள தூரம். கண் உயரத்தை ஊகிக்காமல், ஒருவரை இயல்பாகச் சாய்ந்து உட்காரச் சொல்லி டேப்பில் அளந்துவிடுங்கள். சோபாவில் பெரும்பாலும் 100 முதல் 110 செ.மீ.க்குள் வரும். திரையின் நடுவையும் திரையிலேயே அளக்க வேண்டும். பின்புறத்தில் பிராக்கெட் பொருத்தும் நான்கு துளைகளின் நடுப்புள்ளி பல மாடல்களில் திரையின் நடுவுக்குக் கீழே இருக்கும்.

```
கோணம் = atan((திரை நடு உயரம் − கண் உயரம்) ÷ தூரம்)
```

55 அங்குல விஏ டிவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68.5 செ.மீ. உயரம். நடுப்புள்ளி 170 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கண் 105 செ.மீ., தூரம் 270 செ.மீ. வித்தியாசம் 65 செ.மீ. அதை 270ஆல் வகுத்தால் 0.24. atan, அதாவது கால்குலேட்டரின் tan⁻¹ பொத்தான், அதை 13.5 டிகிரி என்று தரும்.

கேட்க அதிகமாகத் தோன்றாது. ஆனால் திரையின் மேல் விளிம்பு 204 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதற்கான கோணம் 20 டிகிரி. கீழ் விளிம்புக்கு 6.5 டிகிரிதான். ஒரே திரையில் கீழே சரியாகவும் மேலே வெளிறியும் தெரிவதற்கு இதுதான் காரணம். திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தை வைத்தால் மேல்பகுதி சற்று வெளிச்சமாகத் தெரியும். பலர் இதைப் பேக்லைட் கோளாறு என்று நினைத்துச் சர்வீஸுக்குச் சொல்கிறார்கள். ஸ்டூலில் ஏறிப் பார்த்தால் அந்த வித்தியாசம் மறையும்.

இந்த டிவியை 13.5 டிகிரி முன்னால் சாய்த்தால் நடுப்பகுதி கண்ணுக்கு நேராகும். மேல், கீழ் விளிம்புகள் இரண்டும் 7 டிகிரிக்குள் வந்துவிடும். 10 டிகிரி மட்டும் சாயும் பிராக்கெட்டாக இருந்தாலும் மேல் விளிம்பின் கோணம் 10.5 டிகிரிக்குக் குறைந்துவிடுவதால் வெளிறல் கண்ணில் படாது. எனவே கடைசி இரண்டு மூன்று டிகிரிக்காக விலை உயர்ந்த பிராக்கெட்டைத் தேட வேண்டியதில்லை.

சாய்த்த பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சரிபார்ப்பது?

கண்ணாடிதான் சிறந்த கருவி. டிவியை அணைத்துவிட்டு உங்கள் இருக்கையில் உட்காருங்கள். இன்னொருவர் ஒரு சிறிய தட்டைக் கண்ணாடியை, கீறல் விழாதபடி ஓரங்களில் டேப் ஒட்டி, திரையின் நடுவில் மென்மையாகப் பிடிக்கட்டும். அதில் உங்கள் கண் உங்களுக்கே தெரிந்தால் திரை உங்களை நேராகப் பார்க்கிறது. கூரை தெரிந்தால் சாய்வு போதவில்லை. உங்கள் மடியோ தரையோ தெரிந்தால் அதிகமாகிவிட்டது. பளபளப்பான திரையாக இருந்தால் தனிக் கண்ணாடியே வேண்டாம், அணைத்த திரையின் நடுவில் உங்கள் முகத்தின் நிழல் விழுகிறதா என்று பார்த்தால் போதும். இடம் வலம் திருப்புவதையும் இதே முறையில் சரிபார்க்கலாம்.

டிகிரியாகத் தெரிய வேண்டுமானால், மேல் விளிம்பின் நடுவில் நூலை டேப்பால் ஒட்டி, நுனியில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். 55 அங்குலத் திரையில் 6 செ.மீ. என்றால் 5 டிகிரி, 12 செ.மீ. என்றால் 10, 16 செ.மீ. என்றால் 13.5.

சாய்க்கப் பார்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. இல்லாவிட்டால் சில நாளில் தானாக மாறிவிடுகிறது.

பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணம் கீழே இருக்கிறது. மேல்பகுதி முன்னால் வரும்போது கீழ்பகுதி சுவரை நோக்கிப் போகும். அங்கே நேராகக் குத்தியிருக்கும் எச்டிஎம்ஐ பிளக்கோ, மின் பிளக்கோ, டிவியின் தடித்த அடிப்பகுதியோ சுவரில் முட்டும். பிளக் முட்டுகிறது என்றால் தள்ளிச் சாய்க்காதீர்கள், போர்ட்டின் சாலிடர் விட்டுப்போகும். எல் வடிவ அடாப்டர் போடுங்கள், அல்லது பக்கவாட்டு போர்ட்டுக்கு மாற்றுங்கள். அடிப்பகுதியே முட்டினால் சுவரிலிருந்து கூடுதல் இடைவெளி தரும் பிராக்கெட்தான் வழி.

தானாக மாறுவது, சாய்வைப் பிடித்து நிறுத்தும் திருகுகள் தளர்ந்ததால். ஒருவர் திரையின் எடையைத் தாங்கிப் பிடிக்க, மற்றவர் இரு பக்கத் திருகுகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினால் திரை கோணலாகும். இறுக்கியும் நிற்காவிட்டால் டிவியின் பின்னால் மாட்டிய பட்டைகளைக் கவனியுங்கள். அவற்றின் சுழலும் புள்ளி டிவியின் எடை மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும். பட்டையில் வேறு துளைகளைப் பயன்படுத்தி அந்தப் புள்ளியை மையத்துக்கு அருகில் கொண்டுவந்தால் திருகின் மேல் வரும் பாரம் குறையும்.

சாய்வே இல்லாத பிராக்கெட்டில், மேல் துளைகளுக்கு மட்டும் ஸ்பேசர் வைத்து நீளமான திருகு போடும் வழக்கம் உண்டு. 200 மி.மீ. இடைவெளித் துளைகளில் 5 டிகிரிக்கே 17.5 மி.மீ. ஸ்பேசர் தேவை. திருகு நேராக இல்லாமல் கோணலாகப் பாரம் தாங்க வேண்டியிருக்கும், டிவியின் உள்ளே இருக்கும் மென்மையான திருகு உறை பிய்ந்துவிடும். இதைச் செய்யாதீர்கள்.

ஓரத்தில் உட்காருபவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் ஒரே மாதிரி தெரிய வைக்க முடியுமா?

இதில் பிராக்கெட்டிடம் அதிகம் எதிர்பார்க்கிறார்கள். டிவியிலிருந்து பார்த்தால் இரண்டு இருக்கைகளுக்கும் இடையில் எத்தனை டிகிரி விரிவு இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. திருப்புவது அந்த விரிவைப் பங்கிட்டுக் கொடுக்குமே தவிர, குறைக்காது.

மேலே சொன்ன அதே டிவியில், நடு சோபா நேர் எதிரே 270 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. பக்கச் சோபா டிவியின் நடுக்கோட்டிலிருந்து 170 செ.மீ. தள்ளி, சுவரிலிருந்து 200 செ.மீ. தூரத்தில். பக்கத்தில் இருப்பவருக்குக் கோணம் 40 டிகிரி, விஏ பேனலில் முகமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். டிவியை அவர் பக்கம் 20 டிகிரி திருப்பினால் இருவருக்கும் ஆளுக்கு 20 வரும். அவருக்குப் பெரிய லாபம், நடுவில் இருப்பவருக்குச் சிறிய நஷ்டம்.

டிவியையே பக்கச் சோபாவை நோக்கி 50 செ.மீ. நகர்த்தி மாட்டினால் என்ன என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்க இருக்கைக்கு 31 டிகிரி ஆகிறது, நடு இருக்கைக்கு மறுபக்கம் 10.5 ஆகிறது. மொத்த விரிவு 41.5. குறையவே இல்லை, புதிதாகத் துளை போட்டதுதான் மிச்சம்.

பக்கச் சோபாவை 50 செ.மீ. பின்னால் தள்ளி, 30 செ.மீ. உள்ளே இழுத்தால், அதன் கோணம் 29 டிகிரிக்கு வந்துவிடும். டிவியை 12 டிகிரி திருப்பினால் நடுவில் 12, பக்கத்தில் 17. இரண்டும் விஏ பேனல் தாங்கக்கூடிய அளவு. சோபாவை நகர்த்துவதற்குச் செலவில்லை என்பதால் எப்போதும் அதைத்தான் முதலில் முயல வேண்டும்.

டிவியைத் திருப்பும் பிராக்கெட்டின் கை எவ்வளவு நீளமாக இருக்க வேண்டும்?

திரையின் பாதி அகலத்தைத் திருப்பும் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். 55 அங்குலத்துக்குப் பாதி அகலம் 61 செ.மீ. எனவே 20 டிகிரிக்கு 21 செ.மீ., 40 டிகிரிக்கு 39 செ.மீ. வெளியே வர வேண்டும். இத்துடன் டிவியின் தடிமனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைவிடக் கை குட்டையாக இருந்தால் பிராக்கெட்டில் எத்தனை டிகிரி எழுதியிருந்தாலும் திரையின் ஓரம் சுவரில் இடித்து நிற்கும். கை நீள நீள, சுவரில் உள்ள மேல் போல்ட்டுகளைப் பிடுங்கும் விசையும் கூடும் என்பதால் தேவைக்கு மேல் நீளமானதை வாங்காதீர்கள்.

உயரமும் ஓரமும் சேர்ந்த இடம். சாய்த்தேன், நடுவில் சரியாகிவிட்டது, ஓரத்தில் ஒன்றும் மாறவில்லை.

அப்படித்தான் ஆகும். அந்தப் பக்க இருக்கைக்கு, சாய்ப்பதற்கு முன் மொத்தக் கோணம் 42 டிகிரி. 13.5 டிகிரி சாய்த்த பிறகு 39. அங்கே கோணத்தின் பெரும்பங்கு பக்கவாட்டில் இருப்பதால் சாய்வுக்கு வேலை குறைவு. முதலில் திருப்பி, பிறகு சாய்வை அமைப்பதுதான் சரியான வரிசை.

மூலைவிட்டமாகப் பார்க்கும்போது இன்னொரு தொல்லையும் உண்டு. எல்சிடியின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு போலரைசர் படலங்களும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருப்பதால்தான் கறுப்பு கறுப்பாக இருக்கிறது. மூலைவிட்டமாகப் பார்க்கும் கண்ணுக்கு அந்த 90 டிகிரி சரியாக அமைவதில்லை, ஒளி கசிகிறது. நிறத்தை நன்றாகத் தாங்கும் ஐபிஎஸ் பேனலிலும் இருட்டுக் காட்சிகளில் ஒரு மூலை சாம்பலாகப் பளபளப்பது இதனால்தான். டிவிக்குப் பின்னால் சுவரில் மங்கலான வெள்ளை விளக்கு ஒன்று எரிந்தால் அந்தச் சாம்பல் கண்ணை உறுத்தாது. கசிவு அப்படியே இருக்கும், கண்ணுக்குத்தான் கறுப்பாகத் தோன்றும்.

செட்டிங்ஸில் சரிசெய்ய முடியாதா?

ஓரளவு, அதுவும் ஒரே ஒரு இருக்கைக்கு மட்டும். வெளிறுவது நடுச் சாம்பல்கள் என்பதால் Gamma அமைப்பை 2.2 இலிருந்து 2.4 ஆக்கினால் அவை கீழே இறங்கும். நிறத்தை இரண்டு மூன்று புள்ளி கூட்டலாம். ஆனால் நேர் எதிரே இருப்பவருக்கு அதே படம் இருண்டு, நிறம் தூக்கலாகத் தெரியும். Brightness பட்டையைக் குறைத்துக் கறுப்பைப் பிடிக்க முயலாதீர்கள். நிழலில் இருக்கும் விவரங்கள் மறைந்துபோகும், கறுப்பு மீளாது.

புதிதாக வாங்கி மாட்டப்போகிறேன். உயரத்தைக் குறைக்க வழியில்லை, மூன்று பக்கமும் ஆட்கள் உட்காருவார்கள்.

உயரம் மட்டும் பிரச்சினை என்றால் விஏ பேனலும் நல்ல சாய்வு பிராக்கெட்டும் போதும். விரிவு 40 டிகிரியைத் தாண்டினால் ஓஎல்இடி வாங்குங்கள், அல்லது பகல் வெளிச்சத்தில் பார்ப்பதுதான் அதிகம் என்றால் ஐபிஎஸ். சில விலை உயர்ந்த விஏ டிவிகளில் அகலக் கோணத்துக்கான ஒளியியல் படலம் சேர்க்கிறார்கள். அது வேலை செய்யும், பதிலுக்கு நேர் எதிரே கிடைக்கும் கான்ட்ராஸ்ட் குறையும். கடையில் பார்க்கும்போது 40 டிகிரிக்குத் தள்ளி நின்று முகங்களைப் பாருங்கள். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்றால், பக்கவாட்டில் 1.7 மீட்டர் நகர்வதுதான் 40 டிகிரி.

கழுத்து வலிக்கு மட்டும் இவற்றில் எதுவும் மருந்தல்ல. சாய்ப்பதால் திரை உங்களைப் பார்க்கும், ஆனால் நீங்கள் மேலே பார்ப்பது மாறாது. நடுப்புள்ளியை 170இலிருந்து 140 செ.மீ.க்கு இறக்க முடிந்தால், மேலே சொன்ன அறையில் 13.5 டிகிரி 7.4 ஆகிவிடும். கீழ் விளிம்பு அப்போதும் தரையிலிருந்து 106 செ.மீ. மேலே இருக்கும்.

கீழ்நோக்கிச் சாய்த்தால் விளக்கு வெளிச்சம் திரையில் விழுமா?

பொதுவாகக் குறையும். நேராக நிற்கும் உயரத் திரையைக் கீழிருந்து பார்க்கும்போது, பார்வை திரையில் பட்டு மேலேறிப் பின்னால் உள்ள கூரைக்குப் போகிறது. கூரை விளக்கு தெரிவது அதனால்தான். ஒரு டிகிரி சாய்த்தால் பிரதிபலிப்பு இரண்டு டிகிரி கீழே இறங்கும். ஆனால் சோபாவுக்குப் பின்னால் தாழ்வான ஜன்னல் இருந்தால், கூரை விளக்கு போய் அந்த ஜன்னலின் பிம்பம் டிவியில் வந்துவிடலாம். அந்த அறையில் சாய்வைக் கணக்குக்கு இரண்டு மூன்று டிகிரி குறைவாக வைத்து, பகலில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த பிறகு திருகுகளை இறுக்குங்கள்.